எடிட்டருக்கு எழுதும் கவர் லெட்டர்: ஸ்பெல்லிங் பார்த்த பிறகு பார்க்க வேண்டியவை

"என் எம்.டி. ஆய்வேட்டிலிருந்து ஒரு கட்டுரை எழுதி ஜர்னலுக்கு அனுப்பப் போகிறேன். டைப் 2 சர்க்கரை நோயாளிகளின் தூக்கத்துக்கும் எச்பிஏ1சி அளவுக்கும் உள்ள தொடர்பு பற்றியது. வேறொரு ஜர்னல் ரிவ்யூ முடிந்து நிராகரித்துவிட்டது. கவர் லெட்டரில் ஸ்பெல்லிங், கிராமர் எல்லாம் பார்த்துவிட்டேன். 'நல்லா புரூஃப் பார்த்துட்டு அனுப்பு' என்கிறார் கைடு. இன்னும் என்ன பார்க்க இருக்கிறது? நிராகரிப்பைச் சொல்லியாக வேண்டுமா?"

எழுத்துப் பிழையால் ஒரு கட்டுரை திரும்பி வருவது அரிது. கடிதம் ஒன்று சொல்லி, கட்டுரை வேறொன்று சொன்னால்தான் சிக்கல். எடிட்டர் முதலில் திறப்பது கடிதமும் அப்ஸ்ட்ராக்டும்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது ஒரு எண் ஒட்டவில்லை என்றாலும், ஒரு வினைச்சொல் பெரிதாகத் தெரிந்தாலும், மீதிக் கட்டுரையைச் சந்தேகத்தோடுதான் புரட்டுவார். ஆகவே கடிதத்தைத் தனியாக வைத்துப் புரூஃப் பார்த்துப் பயனில்லை. கட்டுரையின் கடைசி வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

வழி இதுதான். கட்டுரையை வரி எண்களோடு அச்செடுங்கள். கடிதத்தை இரட்டை இடைவெளியில் அச்செடுங்கள். கடிதத்தில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும், முடிவைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் கட்டுரையின் வரி எண்ணைப் பென்சிலால் குறியுங்கள். உறுதிமொழி வாக்கியங்களுக்கு வரி எண் இருக்காது. அவற்றுக்குக் கையில் ஒரு ஆவணம் இருக்க வேண்டும். எதிக்ஸ் கமிட்டிக் கடிதம், சக ஆசிரியர்களின் மின்னஞ்சல் போன்றவை. எந்த வாக்கியத்துக்கு இரண்டும் இல்லையோ அது கடிதத்தில் இருக்கக் கூடாது. ஒரு பக்கக் கடிதத்துக்கு இது முக்கால் மணி நேர வேலை.

உங்கள் கடிதம் என் கையில் இல்லை. உங்கள் தலைப்பிலேயே ஒரு கற்பனைக் கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். எண்களும் கற்பனைதான், ஆனால் இதில் உள்ள பிழைகள் இந்த வகைக் கடிதங்களில் வழக்கமாக வருபவை. ஆங்கிலத்தில் இருக்கும் நடுப்பத்தியின் பொருள் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

"இந்தியாவில் இந்தப் பொருளில் நடந்த முதல் ஆய்வு இது. 212 நோயாளிகளில் 45.1 சதவீதத்தினருக்குத் தூக்கம் மோசமாக இருந்தது. மோசமான தூக்கம் எச்பிஏ1சியை 0.7 சதவீதம் உயர்த்துகிறது என்பதை மிக உயர்ந்த புள்ளியியல் முக்கியத்துவத்தோடு (p < 0.001) நிரூபித்துள்ளோம். தூக்கத்தைச் சரிசெய்தால் தென்னிந்தியச் சர்க்கரை நோயாளிகளின் கட்டுப்பாடு மேம்படும்."

கட்டுரையில் இருப்பது வேறு. ஒரே மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் புறநோயாளிப் பிரிவில் 240 பேரை அணுகியிருக்கிறார்கள். 212 பேர் சம்மதித்தார்கள். 8 பேர் தூக்கக் கேள்வித்தாளை முழுதாக நிரப்பவில்லை, ஆகவே ஆய்வுக்கு எடுத்தது 204 பேரை. அவர்களில் 92 பேருக்குத் தூக்க மதிப்பெண் 5க்கு மேல், அதாவது தூக்கம் மோசம். இரு குழுக்களின் சராசரி எச்பிஏ1சி 8.6, 7.9. வயது, நோயின் காலம், உடல் எடைக் குறியீடு, இன்சுலின் பயன்பாடு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டபின் வித்தியாசம் 0.4; 95 சதவீத நம்பக இடைவெளி 0.1 முதல் 0.7 வரை; p = 0.009.

எண்களிலிருந்து தொடங்கலாம், அதுதான் எளிது. 92ஐ 204ஆல் வகுத்தால் 45.1 சதவீதம். 212ஆல் வகுத்தால் 43.4தான். கடிதம் எழுதியவர் சதவீதத்தை ஒரு இடத்திலிருந்தும் மொத்த எண்ணிக்கையை இன்னொரு இடத்திலிருந்தும் எடுத்திருக்கிறார். இதைக் கண்டுபிடிக்கக் கட்டுரைகூடத் தேவையில்லை. 212இல் 45.1 சதவீதம் என்றால் 95.6 ஆள் வருகிறது. 95 பேர் என்றால் 44.8 சதவீதம், 96 பேர் என்றால் 45.3. 45.1 எந்த வழியிலும் வராது. கடிதத்தில் ஒரு சதவீதமும் ஒரு மொத்தமும் சேர்ந்து வந்தால் கால்குலேட்டரில் பெருக்கிப் பாருங்கள். முழு ஆளுக்குப் பக்கத்தில் வராவிட்டால் இரண்டில் ஒன்று தவறாக இருக்கலாம். அனுபவமுள்ள ரிவ்யூவர்கள் இதைச் செய்கிறார்கள், எடிட்டர்களும் செய்கிறார்கள்.

அடுத்தது 0.7. இது பச்சை வித்தியாசம், அதாவது வேறு காரணிகளைக் கணக்கில் கொள்ளாதது. அப்ஸ்ட்ராக்டின் முடிவு 0.4. கடிதத்தில் பெரிய எண்ணைப் போட வேண்டும் என்று யாரும் திட்டம் போடுவதில்லை. கட்டுரையின் பழைய வடிவத்திலிருந்து எழுதிய கடிதம் அப்படியே தங்கிவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். முதல் ஜர்னலின் ரிவ்யூவர்கள் கேட்டதற்காகக் கணக்கீட்டைத் திருத்தியிருப்பீர்கள், கடிதத்தைத் தொட்டிருக்க மாட்டீர்கள். எடிட்டருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. சாதகமான எண்ணைப் பொறுக்கி எடுத்ததாகத்தான் அவர் கண்ணுக்குப் படும். p < 0.001 என்பதும் அதே பச்சை ஒப்பீட்டின் மதிப்பு; 0.4க்கு உரியது 0.009. வித்தியாசமும் அதன் p மதிப்பும் ஒரே கணக்கீட்டிலிருந்து வந்தவையா என்பதைத் தனியாக ஒரு முறை பாருங்கள்.

"0.7 சதவீதம்" என்ற சொல்லும் தடுக்கும். எச்பிஏ1சியின் அலகே சதவீதம். 7.9இலிருந்து 8.6க்குப் போவது 0.7 சதவீதப் புள்ளி. விகிதமாகப் பார்த்தால் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல். இரண்டும் சரியான எண்கள்தான், ஆனால் கடிதத்தில் ஒன்றும் கட்டுரையில் இன்னொன்றும் இருந்தால் குழப்பம். பல ஜர்னல்கள் மில்லிமோல் அலகையும் கேட்கும். அப்போது ஒரு வேடிக்கையான பிழை வரும். அளவை மாற்றும் சூத்திரம் இது:

```
mmol/mol = 10.929 × (HbA1c% − 2.15)
```

0.4ஐ இதில் அப்படியே போட்டால் மைனஸ் 19 வரும். வித்தியாசத்தை மாற்றும்போது 2.15ஐக் கழிக்கக் கூடாது, 10.929ஆல் பெருக்கினால் போதும், 0.4 என்பது 4.4 ஆகிறது. மைனஸ் 19 என்று யாரும் அனுப்ப மாட்டார்கள்தான். ஆனால் இணையத்தில் கிடைக்கும் மாற்றிக் கருவிகளில் வித்தியாசத்தைப் போட்டு, கிடைத்த எண்ணை மைனஸை மட்டும் நீக்கி எழுதுகிறவர்கள் உண்டு.

இனி வினைச்சொற்கள். உங்கள் கடிதத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். உங்களுடையது ஒரே நேரத்தில் இரண்டையும் அளந்த குறுக்குவெட்டு ஆய்வு. அதில் எது முன்னே, எது பின்னே என்று சொல்ல வழியில்லை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் இரவில் சிறுநீர் கழிக்க நான்கு முறை எழ வேண்டியிருக்கும், தூக்கம் கெடும். நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதம் எரிந்தாலும் தூக்கம் கெடும். தூக்கத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிட்ஸ்பர்க் கேள்வித்தாளில் 'இரவில் பாத்ரூம் போக எழுந்தீர்களா' என்றே ஒரு கேள்வி இருக்கிறது. ஆக, அதிகச் சர்க்கரை தூக்க மதிப்பெண்ணை நேரடியாகவே ஏற்றிவிடலாம். அதோடு, அந்தக் கேள்வித்தாள் கேட்பது கடந்த ஒரு மாதத் தூக்கத்தை. எச்பிஏ1சி காட்டுவது ஏறத்தாழ இரண்டு மூன்று மாதச் சர்க்கரையை. இந்தத் துறையில் இருக்கும் எடிட்டருக்கு இதெல்லாம் அத்துப்படி. 'புரூவ்', 'இன்க்ரீசஸ்' என்ற சொற்களைப் பார்த்ததும், எழுதியவருக்குத் தன் ஆய்வின் எல்லை தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

'புரூவ்' கண்ணில் படும், எடுத்துவிடுவீர்கள். மறைந்திருப்பவைதான் தப்பிவிடும். 'எஃபெக்ட் ஆஃப்', 'இம்பாக்ட் ஆஃப்', 'லீட்ஸ் டு', 'ரிசல்ட்ஸ் இன்', 'டியூ டு', 'இன்ஃப்ளூயன்ஸஸ்' எல்லாமே காரணம் சொல்லும் சொற்கள். அவற்றில் பெயர்ச்சொற்கள் மோசமானவை; 'தூக்கத்தின் இம்பாக்ட்' என்று எழுதும்போது காரணம் சொல்கிறோம் என்றே நமக்குத் தோன்றாது. கட்டுரைத் தலைப்பிலேயே 'எஃபெக்ட்' இருக்கிறதா என்றும் பாருங்கள். கடிதத்தைத் திருத்திவிட்டுத் தலைப்பை விட்டுவைத்தால் முரண்பாடு இன்னும் பளிச்சென்று தெரியும். உங்கள் ஆய்வுக்குப் பொருந்தும் சொல் 'அசோசியேட்டட் வித்'. சலிப்பூட்டும் சொல்தான், ஆனால் உங்கள் தரவு தாங்குவது அவ்வளவுதான்.

'தூக்கத்தைச் சரிசெய்தால் கட்டுப்பாடு மேம்படும்' என்ற வரி இன்னும் ஒரு படி மேலே போகிறது. யாருடைய தூக்கத்தையும் நீங்கள் சரிசெய்து பார்க்கவில்லை. இதை மென்மையாக்கிக் காப்பாற்றலாம் என்று 'மே', 'குட்' சேர்ப்பார்கள். அது போதாது, ஏனென்றால் வாக்கியம் பேசும் விஷயமே ஆய்வில் இல்லை. எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், இந்தத் தொடர்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை அறியத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தேவை என்று எழுதலாம், அதுவும் கட்டுரையின் முடிவுரையில் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும்.

'தென்னிந்தியச் சர்க்கரை நோயாளிகள்' என்பதும் அதே இனம். நீங்கள் பார்த்தது ஒரு மருத்துவமனைக்கு வந்த 204 பேரை. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறவர்கள் சர்க்கரை மீறிப்போனவர்களாக இருப்பார்கள். அவர்களின் சராசரியைத் தென்னிந்தியாவுக்கே விரிக்க முடியாது.

'முதல் ஆய்வு' என்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: பத்தில் ஒன்பது கடிதங்களில் அதை வெட்டிவிடலாம், எதுவும் குறையாது. உங்கள் தலைப்பில் அது தவறும்கூட. சர்க்கரை நோயும் தூக்கமும் பற்றி இந்தியாவிலிருந்து ஏற்கெனவே கட்டுரைகள் வந்திருக்கின்றன. பப்மெட்டில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
(PSQI OR "sleep quality") AND "type 2 diabetes" AND India
```

கிடைப்பவற்றின் தலைப்பை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள், சுருக்கங்களையும் படியுங்கள். எடிட்டர் உங்கள் கட்டுரைக்கு ரிவ்யூவர் தேடும்போது இதே தேடலைத்தான் செய்வார். 'முதல்' என்று நீங்கள் எழுதியிருக்க, முன்பே எழுதிய ஒருவருக்குத்தான் கட்டுரை ரிவ்யூவுக்குப் போகும். அவர் என்ன எழுதுவார் என்று ஊகிக்கலாம். உங்கள் ஆய்வில் உண்மையிலேயே புதிதாக இருப்பதைத் தேடிச் சொல்லுங்கள். இன்சுலின் பயன்பாட்டைக் கணக்கில் கொண்டது புதிதென்றால் அதை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். 'முந்தைய ஆய்வுகள் இதைச் செய்யவில்லை; நாங்கள் செய்தோம்' என்பது சரிபார்க்கக்கூடிய கூற்று. 'முதல்' என்று வெறுமனே சொல்வது அப்படியல்ல.

தொனிக்கு வருவோம். இங்கே இரண்டு வகைக் கோளாறு. ஒன்று பெருமையடிப்பு: 'நாவல்', 'ரோபஸ்ட்', 'அன்பிரிசிடென்டட்', 'கிரவுண்ட்பிரேக்கிங்'. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் பி.எம்.ஜே.யில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட 25 புகழ்ச்சிச் சொற்களில் ஏதாவது ஒன்றாவது வரும் பப்மெட் சுருக்கங்கள் 1970களின் பிற்பாதியில் 2 சதவீதமாக இருந்தன, 2014இல் 17.5 சதவீதம் ஆகிவிட்டன. எல்லோரும் சொல்லும் சொல் எடிட்டர் காதில் ஏறுவதில்லை. அடைமொழியை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். தகவல் எதுவும் குறையவில்லையென்றால் அந்த அடைமொழிக்கு அங்கே வேலையில்லை. 'மிக உயர்ந்த புள்ளியியல் முக்கியத்துவம்' என்பதையும் இதே பட்டியலில் சேருங்கள். p மதிப்பு சிறியது என்பதால் வித்தியாசம் பெரியதாகிவிடாது. 0.4 புள்ளியை, அதன் இடைவெளியோடு சொன்னாலே போதும்.

இரண்டாவது கோளாறு நம் ஊர்க் கடித வழக்கம். பள்ளியில் லீவ் லெட்டர் எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. 'ரெஸ்பெக்டட் சர்', 'யுவர் எஸ்டீம்ட் ஜர்னல்', 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்', 'அட் த எர்லியஸ்ட்', 'ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்' எல்லாம் வந்துவிடும். இவற்றில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கடிதம் பிச்சை கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. 'சர்' என்று எழுதியபின் எடிட்டர் பெண்ணாக இருந்தால் தர்மசங்கடம். ஜர்னலின் எடிட்டோரியல் போர்டு பக்கத்தை அன்றைக்கே திறந்து, தற்போதைய தலைமை எடிட்டரின் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்து 'டியர் டாக்டர்' போட்டுக் குடும்பப் பெயரை எழுதுங்கள். எது குடும்பப் பெயர் என்று புரியாவிட்டால் முழுப் பெயரையும் எழுதலாம். தலைமை எடிட்டர்கள் பலர் இருந்தால் 'டியர் எடிட்டர்ஸ்' தப்பில்லை. 'ஆய்வேடு ஜூனில் சமர்ப்பிக்க வேண்டும், அதற்குள் முடிவு சொல்லுங்கள்' என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அது உங்கள் கல்லூரியின் காலக்கெடு. எடிட்டருக்கு அதில் சம்பந்தமில்லை. கட்டுரை ஏன் இந்த ஜர்னலுக்கு என்ற வாக்கியத்தில் ஜர்னலைப் புகழ வேண்டாம். அதன் வாசகர்கள் யார், அவர்களுக்கு இந்த முடிவு எந்த இடத்தில் பயன்படும் என்று ஒரே வாக்கியம் எழுதினால் போதும்.

இனி உறுதிமொழிகள். இவற்றை எல்லோரும் ஒரு பழைய கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டுகிறார்கள், படிப்பதே இல்லை. மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ., இந்தப் பணியோ இதை ஒத்த பணியோ வேறெங்கும் சமர்ப்பிக்கப்பட்டிருந்தாலும் வெளியாகியிருந்தாலும் அதை எடிட்டருக்கு முழுமையாகச் சொல்லச் சொல்கிறது. 'இதன் எந்தப் பகுதியும் எங்கும் வெளியாகவில்லை' என்ற ஒட்டு வரி உங்கள் விஷயத்தில் உண்மையா? கருத்தரங்கில் போஸ்டர் வைத்திருந்தால், அதன் சுருக்கம் இதழின் இணைப்பில் அச்சாகியிருக்கலாம். மெட்ஆர்க்கைவ் போன்ற இடத்தில் முன்பதிப்பு போட்டிருக்கலாம். இவை இரண்டையும்விட மறந்துபோவது ஆய்வேடு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களின் எம்.டி. ஆய்வேடுகள் அதன் இணையக் களஞ்சியத்தில் திறந்தே கிடக்கின்றன, பிஎச்.டி. ஆய்வேடுகள் ஷோத்கங்காவில். ஜர்னலின் ஒப்புமைச் சோதனை உங்கள் வழிமுறைப் பத்தியை அங்கே கண்டுபிடித்துவிடும். அறிக்கையில் ஒற்றுமை அதிகம் என்று வரும்போது, 'இது முதல் ஆசிரியரின் எம்.டி. ஆய்வேட்டை அடிப்படையாகக் கொண்டது, ஆய்வேடு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் உள்ளது' என்று கடிதத்தில் முன்பே ஒரு வரி இருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. இல்லாவிட்டால் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். ஆய்வேட்டை ஆதாரமாகக் கொண்ட கட்டுரையை ஜர்னல் ஏற்கிறதா என்பதை அதன் ஆசிரியர் வழிகாட்டியிலும் பார்த்துவிடுங்கள்.

நிராகரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜர்னலின் விதியில் அப்படிக் கேட்டிருந்தாலொழிய, சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் ஐ.சி.எம்.ஜே.இ. பழைய ரிவ்யூக்களையும் அவற்றுக்கான உங்கள் பதில்களையும் சேர்த்து அனுப்புவதை ஊக்குவிக்கிறது. ரிவ்யூவில் வந்த குறைகளை உண்மையாகவே சரிசெய்திருந்தால் சொல்வது உங்களுக்கு நல்லது. ஒரு சிறிய துறையில் அதே ரிவ்யூவரிடம் கட்டுரை மறுபடி போவது சாதாரணம். திருத்தியதை மறைத்தால் பயன் உங்களுக்கில்லை. எதையும் மாற்றாமல் அனுப்புவதாக இருந்தால் கடிதத்தில் பேசாமல் விடுவதைவிட முதலில் கட்டுரையைத் திருத்துங்கள். பழைய எடிட்டரைக் குறைசொல்லும் வாக்கியம் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம்.

'எல்லா ஆசிரியர்களும் இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டார்கள்' என்ற வரிக்கு, இறுதி வடிவத்தை இணைத்து அனுப்பிய மின்னஞ்சலும் ஒவ்வொருவரின் பதிலும் இருக்க வேண்டும். போனில் 'சரிப்பா, அனுப்பு' என்றது போதாது, ஏனென்றால் அவர் பார்த்தது திருத்தத்துக்கு முந்தைய வடிவமாக இருக்கலாம். எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி எண்ணைக் கடிதம், கட்டுரை, அசல் அனுமதிக் கடிதம் மூன்றிலும் ஒப்பிடுங்கள். சாய்கோடும் ஆண்டும்தான் வழக்கமாக மாறிவிடும். அனுமதித் தேதி, முதல் நோயாளியைச் சேர்த்த தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இருந்தால் அது புரூஃப் பிழையல்ல. அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கைடிடமும் கமிட்டியிடமும் பேச வேண்டிய விஷயம்.

ரிவ்யூவர் பெயர்களைப் பரிந்துரைக்கச் சொல்லியிருந்தால், அவர்களின் மின்னஞ்சல் நிறுவன முகவரியாக இருக்கட்டும். 2015 மார்ச்சில் பயோமெட் சென்ட்ரல் பதிப்பகம் போலி ரிவ்யூ காரணமாக 43 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதில் பரிந்துரைக்கப்பட்ட ரிவ்யூவர்களின் போலி முகவரிகளுக்கு முக்கியப் பங்கு இருந்தது. அப்போதிலிருந்து பொது ஜிமெயில் முகவரியைக் கண்டால் எடிட்டோரியல் அலுவலகம் உஷாராகிவிடும். உங்கள் கல்லூரியில் இருப்பவரும், சமீபத்தில் உங்கள் ஆசிரியர்களில் யாரோடாவது சேர்ந்து கட்டுரை எழுதியவரும் பட்டியலில் இருக்கக் கூடாது. கைடின் நண்பர் என்பதற்காகச் சேர்த்த பெயர் ஒன்று எப்படியும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

சிறு விவரங்களில் உங்களுக்கு மிக ஆபத்தானது பழைய ஜர்னலின் பெயர். மேலே முகவரியில் மாற்றிவிடுவீர்கள். 'உங்கள் வாசகர்களுக்கு' என்ற வாக்கியத்தின் நடுவிலும், கடைசிப் பத்தியிலும், சுருக்கப்பெயராகவும் அது ஒளிந்திருக்கும். முழுப்பெயர், சுருக்கப்பெயர், பழைய எடிட்டரின் பெயர் என்று மூன்று தேடல்கள் போடுங்கள். அதோடு ஃபைல் பெயரையும் பாருங்கள். வேர்டில் `File` > `Info` பகுதியில் `Title` என்ற இடத்தில் பழைய பெயர் தங்கியிருந்தால், பி.டி.எஃப். ஆக்கும்போது சில சமயம் அதுவே ஜன்னலின் தலைப்பாகத் தெரியும். கட்டுரைத் தலைப்பை நினைவிலிருந்து தட்டச்சு செய்யாமல் கட்டுரையின் முதல் பக்கத்திலிருந்து நகலெடுங்கள். கட்டுரை வகை, ஜர்னலின் பட்டியலில் உள்ள அதே பெயரில் இருக்கட்டும். 'ஒரிஜினல் ரிசர்ச்' என்றிருந்தால் 'ஒரிஜினல் ஆர்ட்டிகிள்' என்று எழுத வேண்டாம். சொல் எண்ணிக்கை, அட்டவணை, படங்களின் எண்ணிக்கையைக் கடிதத்தில் கொடுத்திருந்தால் கடைசித் திருத்தத்துக்குப் பிறகு எண்ணுங்கள்.

நடுப்பத்தி திருத்தியபின் இப்படி வரும், பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்:

"ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் 204 டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய குறுக்குவெட்டு ஆய்வு இது. 92 பேருக்கு (45.1 சதவீதம்) தூக்கத்தின் தரம் குறைவாக இருந்தது. வயது, நோயின் காலம், உடல் எடைக் குறியீடு, இன்சுலின் பயன்பாடு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டபின், அவர்களின் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தது (95 சதவீத நம்பக இடைவெளி 0.1 முதல் 0.7). தொடர்பின் திசையை இந்த ஆய்வு காட்டாது. புறநோயாளிப் பிரிவில் தூக்கத்தைப் பற்றியும் கேட்கலாமா என்று யோசிக்கும் மருத்துவர்களுக்கு இந்த முடிவு உதவும்."

முன்னதைவிட இது மங்கலாக இருக்கிறது என்று கைடு சொல்லக்கூடும். சொன்னால், ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் இருக்கும் வரி எண்ணைக் காட்டுங்கள். திசை பற்றிய வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னால் எடுக்கலாம், கட்டுரையில் வரம்புகள் பகுதியில் அது இருக்கிறது. 'நிரூபித்துள்ளோம்' மட்டும் திரும்ப வரக் கூடாது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆங்கிலத்தில் 300 சொற்கள் தாராளம். திருத்தியதை ஒரு இரவு வைத்திருந்து, காலையில் உரக்கப் படியுங்கள். கடிதத்தை எழுதாத சக ஆசிரியர் ஒருவரிடம், புள்ளியியல் பார்த்தவராக இருந்தால் மிக நல்லது, கடிதத்தையும் அப்ஸ்ட்ராக்டையும் மட்டும் கொடுத்து எங்கே ஒட்டவில்லை என்று கேளுங்கள்.

சமர்ப்பிக்கும் தளத்தில் கடிதத்தை ஒரு பெட்டியில் ஒட்டச் சொன்னால், ± , ≥ போன்ற குறிகள் கேள்விக்குறியாக மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபைலாக ஏற்றச் சொன்னால், பட்டியலில் `Cover Letter` என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியர் பெயரை மறைத்து ரிவ்யூ செய்யும் ஜர்னல்களில், கடிதத்தைத் தவறுதலாகக் கட்டுரை ஃபைல் என்று ஏற்றினால் உங்கள் பெயர்கள் ரிவ்யூவருக்குப் போகும் பி.டி.எஃப்.இல் சேர்ந்துவிடும். தளம் தொகுத்துக் காட்டும் பி.டி.எஃப்.ஐ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை திறந்து பார்த்த பிறகே ஒப்புதல் பொத்தானை அழுத்துங்கள். அனுப்பியபின் கடிதத்தில் தவறு கண்ணில் பட்டால், தவறு எண்ணிலோ உறுதிமொழியிலோ இருந்தால் மட்டும், கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு எடிட்டோரியல் அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். கமா விட்டுப்போனதற்கு அனுப்ப வேண்டாம்.